சுங்குடிக் கடை வாட்ஸ்அப்: சட்டென்று அனுப்பும் பதில்கள்

கல்லாவில் யார் இருந்தாலும் இவற்றையே அனுப்பவும். கேட்டவர் அக்கா, அண்ணன் என்று விளித்திருந்தால் நாமும் அப்படியே தொடங்கலாம். “டியர் கஸ்டமர்” வேண்டாம்.

/விலை
வணக்கம். பிரிண்ட் போட்ட சுங்குடி 650 ரூபாயிலிருந்து 900 வரை இருக்கிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது 2,400 ரூபாயிலிருந்து. நீங்கள் பார்த்த சேலையின் போட்டோவை அனுப்புங்கள், அதன் விலையைச் சரியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள் கூரியர் 80 ரூபாய்.

/ஏன்
பிரிண்ட்டும் கட்டுச் சுங்குடியும் போட்டோவில் ஒரே மாதிரிதான் தெரியும், விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று நீங்கள் கேட்பது நியாயம். கட்டுச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நூல் சுற்றிக் கட்டியது. புள்ளிகள் அச்சடித்ததுபோல ஒரே அளவில் இருக்காது. கட்டு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும், தடவினாலே தெரியும். அந்தக் கைவேலைக்குத்தான் கூடுதல் விலை. தினமும் கட்டிக்கொள்ள என்றால் பிரிண்ட்டே போதும்.

/குறை
ஒரு சேலைக்குக் குறைத்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாக எடுத்தால் கூரியர் செலவு எங்களுடையது.
(இதற்கு மேலும் பேரம் பேசினால் டைப் செய்ய வேண்டாம், போன் செய்துவிடவும்.)

/வழி
மதுரை தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண் பக்கம். பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஷேர் ஆட்டோவில் “விளக்குத்தூண்” என்று சொல்லுங்கள். இறங்கியதும் கூப்பிட்டால் பையன் வந்து அழைத்துவருவான். காலை 10 முதல் இரவு 8.30 வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம்.

/மாற்ற
தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். கையில் கிடைத்த 7 நாளுக்குள், மடிப்பும் பில்லும் அப்படியே இருக்க வேண்டும். வேறு சேலை எடுத்துக்கொள்ளலாம், பிடித்தது இல்லையென்றால் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிடுவோம். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. பிளவுஸ் வெட்டிவிட்டால், ஃபால்ஸ் அடித்துவிட்டால் வாங்க இயலாது.

/கிழிசல்
ஐயோ, மன்னித்துவிடுங்கள். பார்க்காமல் அனுப்பியது எங்கள் தவறு. கிழிந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இரண்டு பக்கக் கூரியரும் எங்கள் செலவு. அதே சேலை வேண்டுமா, பணம் வேண்டுமா?
(இதை அனுப்பியதும் அண்ணனிடம் சொல்லிவிடவும். பில் எங்கே என்று முதல் பதிலிலேயே கேட்கக் கூடாது.)

/சாயம்
முதல் இரண்டு மூன்று அலசலில் சாயம் கொஞ்சம் விடும், குறிப்பாக அரக்கும் கருநீலமும். பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் காயப்போடுங்கள், ஊறப்போட வேண்டாம். அதற்கு மேலும் விட்டுக்கொண்டே இருந்தால், வேறு துணியில் ஒட்டியிருந்தாலும், போட்டோ அனுப்புங்கள். துவைத்த சேலை என்று தட்டிக்கழிக்க மாட்டோம், பார்த்துப் பேசி முடிவெடுக்கலாம்.

/இரவு
கடை பூட்டியாகிவிட்டது. காலை 10 மணிக்கு முதல் பதில் உங்களுக்குத்தான்.
(இரவில் மூன்று பேருக்கு இதை அனுப்பினால் “முதல்” பொய்யாகிவிடும். இரண்டாவது ஆளிலிருந்து அந்த வரியை மாற்றி, “காலையில் வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்” என்று போடவும்.)