வார இறுதித் தையல், பூத்தையல் வகுப்பு: அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு

மதுரை, அண்ணாநகர்
14.05.2026

அன்புடையீர்,

நமது குடியிருப்பின் ஏ, பி, சி ஆகிய மூன்று கட்டடங்களிலும் அடுத்துள்ள தெருக்களிலும் வசிப்போருக்காக, வரும் ஜூன் மாதம் முதல் சனிக்கிழமைகளில் தையல் வகுப்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்தையல் வகுப்பும் நடைபெற உள்ளன. குடியிருப்போர் நலச் சங்கத்தின் அனுமதியுடன், சி கட்டடத்தின் தரைத்தளத்தில் உள்ள பொதுக்கூடத்தில் இவ்வகுப்புகளை நானே நடத்துகிறேன். சேர விரும்புவோர் கீழ்க்கண்ட விவரங்களை முழுவதும் படித்து, குறிப்பாக இடங்களின் எண்ணிக்கையையும் கட்டண விதிகளையும் கவனித்து, அதன் பிறகு பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தையல் வகுப்பு ஜூன் 6 ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கி, காலை 10.00 மணி முதல் 12.30 மணி வரை பன்னிரண்டு வாரங்கள் நடக்கும். ஆகஸ்ட் 15 சனிக்கிழமையாக அமைவதால் அன்று வகுப்பு இல்லை. ஆகவே ஆகஸ்ட் 29 அன்று வகுப்பு நிறைவுபெறும். பூத்தையல் வகுப்பு ஜூன் 7 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, பிற்பகல் 3.30 மணி முதல் 5.30 மணி வரை பத்து வாரங்கள் நடந்து, ஆகஸ்ட் 9 அன்று முடியும். பிற்பகல் நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு, ஞாயிறு காலை சமையலும் விருந்தினரும் ஒரு காரணம். அந்நேரத்தில் கூடத்தின் மேற்குச் சன்னல்கள் வழியே நல்ல வெளிச்சம் வருவது இன்னொரு காரணம். ஒரே நிறத்தின் இரண்டு சாயல் நூல்களை டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்தறிவது அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம்.

தையல் வகுப்பில் எட்டு இடங்கள் மட்டுமே உள்ளன. கூடத்தில் நான்கு இயந்திரங்கள் இருக்கும். அவற்றில் இரண்டு காலால் மிதிப்பவை, இரண்டு மோட்டார் பொருத்தியவை. ஓர் இயந்திரத்துக்கு இருவர் என்ற கணக்கில், ஒருவர் தைக்கும்போது மற்றவர் அளவெடுத்து வெட்டுவதையோ கையால் ஹெம்மிங் செய்வதையோ பழகுவார். அரை மணி நேரம் பாடம் போக எஞ்சும் இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் இயந்திரம் கிடைக்கும். இதற்குக் குறைந்தால் கால் பழகாது. "ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று சிலர் இப்போதே கேட்டுவிட்டார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலையாகத் தையல் இல்லாததால், அவர்களுக்கு அன்புடன் மறுப்புத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பூத்தையல் வகுப்புக்கு இயந்திரம் தேவையில்லை என்பதால் பன்னிரண்டு பேர் வரை சேரலாம். அதற்கு மேல் சேர்த்தால் ஒவ்வொருவர் துணியையும் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்துத் திருத்த எனக்கு நேரம் போதாது. முன்பக்கம் அழகாகத் தெரிந்தாலும், பின்பக்கத்தில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தால் நாலு துவைப்பில் துணி சுருங்கி இழுத்துக்கொள்ளும்; பிழை எங்கே என்று அந்தப் பக்கம்தான் காட்டும்.

தையல் வகுப்புக்கான கட்டணம் பன்னிரண்டு வாரங்களுக்கும் சேர்த்து ரூ.2,400 ஆகும். சேரும்போது ரூ.1,400, ஜூலை 4 ஆம் தேதிக்குள் மீதி ரூ.1,000 என இரு தவணைகளாகவும் செலுத்தலாம். பூத்தையல் வகுப்புக்கான கட்டணம் பத்து வாரங்களுக்கு ரூ.1,500, இதை ஒரே தவணையாகச் செலுத்த வேண்டும். இரண்டு வகுப்புகளிலும் சேருவோர் ரூ.3,900க்குப் பதிலாக ரூ.3,500 செலுத்தினால் போதும். அவர்களுக்குச் சேரும்போது ரூ.2,000, ஜூலை 4க்குள் ரூ.1,500 எனத் தவணை உண்டு. பணமாகவும் தரலாம், கூகுள் பே மூலமாகவும் அனுப்பலாம். எப்படிச் செலுத்தினாலும் கையெழுத்திட்ட ரசீது தரப்படும். முதல் வகுப்புக்கு வந்து பார்த்த பின் தமக்கு ஒத்துவராது என்று கருதுவோர், இரண்டாம் வகுப்புக்கு முன் தெரிவித்தால், ரூ.200 மட்டும் கழித்து மீதித் தொகை திருப்பித் தரப்படும். அதன் பிறகு பணத்தைத் திருப்பித் தர இயலாது. ஏனெனில் அந்த இடத்துக்கு மற்றொருவரை இடையில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக்கொடுத்து நிரப்ப முடியாது.

இயந்திரப் பயன்பாடு, இயந்திர ஊசிகள், எண்ணெய், பழகுவதற்கான நூல்கண்டுகள், பேட்டர்ன் வரையப் பழுப்புத் தாள், இஸ்திரிப் பெட்டி ஆகியவை கட்டணத்தில் அடங்கும். துணியும் சொந்தக் கருவிகளும் அடங்கா. தையலுக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல், இன்ச் டேப், சாக்கட்டி, தையல் பிரிப்பான், இருபது குண்டூசிகள் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். கத்தரிக்கோலை மட்டும் தயவுசெய்து சமையலறையிலிருந்து எடுத்து வர வேண்டாம். பால் கவர் வெட்டிய கத்தரியால் துணியை வெட்டினால் ஓரம் கடித்தாற்போல் இருக்கும். முதல் மாதம் பழகுவதற்குப் புதுத் துணி வாங்கத் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய வேட்டியோ, பலமுறை துவைத்து மென்மையான சுங்குடிச் சேலையோ அதற்குப் போதுமானது. வழுக்காத பருத்தி என்பதால் புதியவர்களின் கைக்கு அது அடங்கும். பூத்தையலுக்கு ஆறு அங்குல மர வளையம், கையூசிப் பொட்டலம், எட்டு நிறங்களில் எம்ப்ராய்டரி நூல் லச்சிகள், அரை மீட்டர் மேட்டி துணி, அரை மீட்டர் வெள்ளைப் பருத்தித் துணி ஆகியவை வேண்டும். இவையெல்லாம் விளக்குத்தூண் பகுதிக் கடைகளில் கிடைக்கும். தனித்தனியாக அலைய விரும்பாதோருக்கு நானே மொத்தமாக வாங்கி வந்து, கடை ரசீதில் உள்ள விலைக்கே கொடுப்பேன். தேவைப்படுவோர் பெயர் பதியும்போதே சொல்லிவிட வேண்டும்.

தையல் வகுப்பின் முதல் இரண்டு வாரங்களில் துணியே தொடமாட்டோம் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. ஊசியில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் நேர்கோட்டின் மேலும், பிறகு வளைகோட்டின் மேலும் இயந்திரத்தை ஓட்டி, துளைகள் கோட்டை விட்டு விலகாத அளவுக்குக் காலும் கையும் ஒத்துழைத்த பிறகே நூல் கோக்கப்படும். பாபின் சுற்றுவது, கீழ்நூலின் இறுக்கத்தைச் சரிசெய்வது, துணிக்கேற்ற ஊசி எண்ணைத் தேர்ந்தெடுப்பது ஆகியவையும் அவ்விரு வாரங்களிலேயே சொல்லித் தரப்படும். சாதாரணப் பருத்திக்கு 14 ஆம் எண் ஊசி பொருந்தும். மெல்லிய பட்டுக்கு 11, ஜீன்ஸ் போன்ற கனத்த துணிக்கு 16 எடுக்க வேண்டும். நூல் அடிக்கடி அறுகிறது என்று இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்கும் பலருக்கு ஊசியை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். அடுத்து தலையணை உறை, துணிப்பை, ஆறு துண்டு உள்பாவாடை ஆகியவற்றை முறையாகத் தைத்து முடித்து, கடைசி ஐந்து வாரங்கள் முழுவதையும் லைனிங் வைத்த ரவிக்கைக்கு ஒதுக்கியுள்ளேன். அளவு ரவிக்கையை வைத்து வெட்டாமல், உடலில் அளவெடுத்துத் தாளில் வரைந்து வெட்டும் முறையே கற்பிக்கப்படும். கழுத்துக்குக் கிராஸ் பீஸ் கொடுப்பதும், கைக்குழி சுருக்கமின்றி உட்காருவதும், கொக்கிப் பட்டி நேராக நிற்பதும் பொறுமை கேட்கும் இடங்கள் என்பதால் அவற்றுக்குத் தனித்தனி வகுப்பு உண்டு. லைனிங் துணியை முதல் நாள் இரவே தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும்; தைத்த பிறகு அது சுருங்கினால் மேல்துணியையும் சேர்த்து இழுத்துவிடும்.

பன்னிரண்டு வாரங்களின் முடிவில், கற்றதை வீட்டிலும் பழகியிருந்தால், தம் அளவுக்கு ஒரு சாதாரண ரவிக்கையைத் தாமே வெட்டித் தைத்து அணியும் அளவுக்கு ஒருவர் வந்துவிடலாம். பிரின்சஸ் கட், பேட் வைத்த ரவிக்கை, சுடிதார் ஆகியவை இவ்வகுப்பில் இடம்பெறா. சான்றிதழ் எதுவும் வழங்கப்படாது. அரசின் தொழில்நுட்பத் தேர்வு எழுத விரும்புவோருக்கும் உடனே கடை வைக்க எண்ணுவோருக்கும் இவ்வகுப்பு போதாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பூத்தையலில் ஓட்டுத்தையல், காம்புத்தையல், சங்கிலித்தையல், இலைத்தையல், சாட்டின், பிரெஞ்சு முடிச்சு, புல்லியன் ஆகியவற்றை ஏழு வாரங்களில் கற்று, ஒவ்வொருவரும் ஒரு கைக்குட்டையும் ஒரு ரவிக்கைக் கைக்கான கரையும் முடிப்பார்கள். ஆறு இழைகள் கொண்ட நூலிலிருந்து வேண்டிய இழைகளைச் சிக்கலின்றிப் பிரிப்பதும், முடிச்சுப் போடாமல் நூலைத் தொடங்குவதும் முதல் நாள் பாடம். மீதி மூன்று வாரங்களில் மேட்டி துணியில் இழையை எண்ணித் தைக்கும் முறை கற்பிக்கப்படும். 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற நீலகிரித் தோடர் இனப் பெண்களின் பூத்தையல், துணியில் எதையும் முன்கூட்டி வரையாமல் இழைகளை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூல்களால் செய்யப்படுவது. அந்த வேலைப்பாட்டை நாம் கற்கப் போவதில்லை, அது அவர்களுடையது. ஆனால் எண்ணித் தைக்கும் கைக்கு வரும் துல்லியத்தை மேட்டி துணியில் ஓரளவு உணரலாம். ஆரி வேலை இதில் சேராது. அதற்குப் பெரிய சட்டமும், துணிக்கு அடியிலிருந்து நூலைக் கொக்கி ஊசியால் இழுக்கும் வேறொரு கைப்பழக்கமும் வேண்டும்.

தையல் வகுப்பில் 16 வயது நிறைந்தோரும் பூத்தையல் வகுப்பில் 10 வயது நிறைந்தோரும் சேரலாம். இரண்டிலும் ஆண்கள் தாராளமாகச் சேரலாம். சூடான இஸ்திரிப் பெட்டியும் கத்தரிகளும் இருக்கும் இடம் என்பதால் சிறு குழந்தைகளைக் கூடத்துக்கு அழைத்து வர அனுமதி இல்லை. இதில் விலக்குக் கேட்க வேண்டாம். ஒரு வாரம் வர இயலாதவர், அடுத்த வாரம் வகுப்பு தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக வந்தால் விடுபட்ட பாடத்தைச் சொல்லித் தருவேன். இவ்வசதி ஒருவருக்கு இரண்டு முறை மட்டுமே. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் சனிக்கிழமைகளில் வகுப்பு ரத்தாகாது. அன்று வெட்டுதல், காஜா, கொக்கி கட்டுதல் போன்ற கைவேலைகள் நடக்கும். மிதி இயந்திரங்கள் வழக்கம்போல் ஓடும்.

பெயர்ப் பதிவு மே 16 ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கி மே 30 ஆம் தேதி சனிக்கிழமை வரை, நாள்தோறும் மாலை 5.00 முதல் 7.00 மணி வரை சி கட்டடம், முதல் தளம், 4 ஆம் எண் வீட்டில் நடைபெறும். மே 24 வரை நமது மூன்று கட்டடங்களில் வசிப்போருக்கு மட்டும் முன்னுரிமை. அதன் பின் எஞ்சிய இடங்கள் அடுத்த தெருக்களில் வசிப்போருக்கு வந்த வரிசைப்படி வழங்கப்படும். முதல் தவணை செலுத்திய பிறகே இடம் உறுதியாகும். வாய்மொழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ இடம் ஒதுக்கிவைக்க இயலாது. இடங்கள் நிரம்பிய பின் வருவோரின் பெயர்கள் காத்திருப்போர் பட்டியலில் எழுதப்பட்டு, யாரேனும் முதல் வாரத்தில் விலகினால் வரிசைப்படி அழைக்கப்படுவார்கள். எந்த வகுப்பிலேனும் ஐந்து பேருக்குக் குறைவாகச் சேர்ந்திருந்தால் அவ்வகுப்பு தொடங்கப்படாது. கட்டணம் மே 31 அன்றே முழுமையாகத் திருப்பித் தரப்படும்.

இங்ஙனம்,
தையல் வகுப்பு ஆசிரியை,
சி கட்டடம், முதல் தளம், 4 ஆம் எண் வீடு