யானை பேச்சுக்கு முன்னாடி நாம சொல்லிக்கற வரிகள்

அம்முக்குட்டி, இது உனக்காக அப்பா எழுதினது. வெள்ளிக்கிழமை ஸ்டேஜ்ல யானையைப் பத்தி பேசப்போற இல்ல, அதுக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, இன்னும் அஞ்சு ராத்திரி இருக்கு. தினமும் படுக்கும்போது நான் ஒவ்வொரு வரியா வாசிப்பேன், நீ என் பின்னாடியே சொல்லு. சத்தமா சொல்லணும்னு இல்ல, போர்வைக்குள்ள இருந்து முணுமுணுத்தாலும் கணக்குல வரும். ஏதாவது வரி பிடிக்கலைன்னா "இது வேணாம்பா"ன்னு சொல்லிடு, பேனாவால அடிச்சிடலாம்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். "எனக்கு பயமே இல்ல", "நான்தான் பெஸ்ட்" இந்த மாதிரி வரி ஒண்ணு கூட இதுல கிடையாது. எழுதியிருந்தா நீ என் மூஞ்சிய பாத்து "பொய்தானே"ன்னு கேட்டிருப்ப, எனக்கு உன்னைத் தெரியாதா. நிஜமா இருக்கறத மட்டும்தான் எழுதியிருக்கேன்.

ராத்திரி, லைட் அணைக்கறதுக்கு முன்னாடி

எனக்கு ஸ்டேஜ்னா பயமா இருக்கு.
இருந்துட்டு போகட்டும்.
பயம் வரும், ஆனா பேசப்போறது நான்.

எனக்கு முதல் வரி தெரியும்.
"அனைவருக்கும் வணக்கம், நான் யானையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்."
பல்லு தேய்க்கும்போது கேட்டாலும் சொல்லுவேன், நுரையோட சொல்லுவேன்.

முதல் வரி வந்துட்டா ரெண்டாவது வரி அது பின்னாடியே வரும், அம்மா யானை பின்னாடி குட்டி வர்ற மாதிரி.
மொத்தமே எட்டு வரிதான்.
எட்டு வரி பேசி முடிக்கறதுக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி கூட முழுசா குடிக்க முடியாது, நான் குடிக்கற ஸ்பீடுக்கு.

இப்போ நான் தூங்கப்போறேன்.
பேச்சு எங்கயும் ஓடிப்போகாது, காலைல என் கூடவே எழுந்துக்கும்.

உடம்பு என்னமோ பண்ணும்போது

ரிகர்சல் முடிஞ்சு வந்து நீ சொன்ன இல்ல, நெஞ்சு டொம் டொம்னு அடிச்சுது, வயித்த கலக்குச்சு, கை சில்லுனு ஆயிடுச்சு, நாக்கு மேல போய் ஒட்டிக்கிச்சு, பாவாடை நுனிய பிடிச்சு திருகிக்கிட்டே இருந்தேன்னு. அன்னைக்கு ராத்திரி "எனக்கு ஜுரமாப்பா"ன்னு கேட்ட. ஜுரம் எல்லாம் இல்லடா. கிட்னி மேல தொப்பி மாதிரி குட்டியா ஒண்ணு உக்காந்திருக்கு, நமக்கு பயம் வந்தா அது அட்ரினலின்னு ஒண்ண ரத்தத்துல விடும். உடனே நெஞ்சு வேகமா அடிக்கும், ரத்தம் எல்லாம் கை கால் தசைக்கு ஓடும், வயித்துக்கும் தோலுக்கும் கொஞ்சம் கம்மியாயிடும், அதான் கை சில்லுனு இருக்கு. ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ உடம்பு ரெடி ஆகுது, அவ்ளோதான். பாவம் அதுக்கு எப்படி தெரியும், நாம யானையைப் பத்திதான் பேசப்போறோம், யானை கிட்டேருந்து ஓடப்போறதில்லன்னு. அதனால இந்த வரிங்கள உன் உடம்பு கிட்ட நீயே சொல்ற மாதிரி சொல்லு, கொஞ்சம் செல்லமா.

நெஞ்சே, நீ அடிக்கறது எனக்கு கேக்குது. நீ எனக்கு ஹெல்ப் பண்ணத்தான் வந்திருக்க.
கையே, சில்லுனு இருந்தா பரவால்ல. ஒரு கைய இன்னொரு கை பிடிச்சுக்கும்.
வயிறே, எட்டு வரி பொறுத்துக்கோ.
நாக்கே, ஒரு வாய் தண்ணி தர்றேன், ஒட்டாம இரு.
காலே, நீ ஆடினாலும் பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு தெரியாது.

இப்போ மூச்சு. மூணு எண்ணற வரைக்கும் உள்ள இழு, அஞ்சு எண்ணற வரைக்கும் வெளிய விடு, சூடா இருக்கறத ஊதி ஆத்தற மாதிரி மெதுவா. வெளிய விடறது நீளமா இருக்கணும், அதுதான் முக்கியம், மூச்சை வெளிய விடும்போது நெஞ்சு நிஜமாவே கொஞ்சம் மெதுவா அடிக்கும். என் மணிக்கட்ட பிடிச்சு பாத்துக்கோ வேணும்னா, நேத்து நாம பாத்தோம் இல்ல.

நான் மூச்சு விடறேன்.
இன்னொரு தரம் விடறேன்.
என் உடம்பு என் பக்கம்தான் இருக்கு.

குட்டி யானை வரிகள்

இது நீயே கேட்டது, "பேச்சுல இல்லாதது ஏதாவது சொல்லுப்பா"ன்னு. குட்டி யானை பொறக்கும்போதே கிட்டத்தட்ட 100 கிலோ இருக்கும். அவ்ளோ பெருசா இருந்தும் அதுக்கு தும்பிக்கைய எப்படி யூஸ் பண்றதுன்னு தெரியாது! அங்க இங்க ஆட்டும், சில சமயம் அது மேலயே மிதிச்சிடும், தண்ணி குடிக்கணும்னா குனிஞ்சு வாயாலதான் குடிக்கும். தும்பிக்கை சரியா பழக மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் மத்த யானைங்க பக்கத்துலயே நிக்கும்.

நான் குட்டி யானை மாதிரி, இப்போதான் பழகறேன்.
குட்டி யானை தடுமாறும், தடுமாறினாலும் அது யானைதான்.
எனக்கும் ஒரு கூட்டம் இருக்கு: அம்மா, அப்பா, தாத்தா, எங்க மிஸ்.
என் குரலுக்கும் பழக்கம் வேணும். இந்த வாரம் அது பழகுது.

வெள்ளிக்கிழமை, ஸ்டேஜ் பக்கத்துல வெயிட் பண்ணும்போது

அங்க நான் கூட இருக்க முடியாது, மிஸ்ஸ மட்டும்தான் விடுவாங்க. அதனால இத சின்னதா வெச்சிருக்கேன், மனசுக்குள்ளயே சொல்லிக்கலாம். உனக்கு முன்னாடி டான்ஸ் ஆடற அண்ணா அக்காங்கள பாத்து "ஐயோ எவ்ளோ நல்லா பண்றாங்க"ன்னு தோணும், தோணட்டும், அது அவங்களோட டர்ன்.

இது என்னோட டர்ன் வரைக்கும் வெயிட்டிங்.
என் கால் ரெண்டும் தரையில இருக்கு. செருப்புக்குள்ள விரல ஒரு தரம் சுருக்கி விரிக்கறேன்.
நான் முழு பேச்சையும் இப்போ நினைக்க வேணாம்.
முதல் வரி மட்டும் போதும்.
வணக்கம். யானை. அவ்ளோதான்.

ஸ்டேஜ் மேல

மேல லைட்டு கண்ணுல அடிக்கும், கீழ இருக்கறவங்க மூஞ்சி நிறைய பேருது சரியா தெரியாது, அது நல்லதுதான்னு வெச்சுக்கோ. நானும் அம்மாவும் வலது பக்கம், அதாவது நீ சாப்பிடற கை பக்கம், மூணாவது வரிசையில இருப்போம். அம்மா மஞ்சள் துப்பட்டா போட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கா.

நான் மெதுவா நடந்து போறேன். யாரும் என்னை துரத்தல.
மைக் உயரமா இருந்தா மிஸ் இறக்கி விடுவாங்க, அதுவரைக்கும் நான் நிக்கலாம். சும்மா நிக்கறது தப்பு இல்ல.
மைக் "கீய்ங்"னு கத்தினா அது மைக்கும் ஸ்பீக்கரும் பண்ற சேட்டை. நான் ஒண்ணும் பண்ணல.
மஞ்சள் துப்பட்டாவ ஒரு தரம் பாக்கறேன்.
மூச்சு விடறேன்.
வணக்கம்னு ஆரம்பிக்கறேன்.
வேகமா முடிச்சா பரிசு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் ஒரு குட்டி மூச்சு.

மறந்து போச்சுன்னா

நீ ரொம்ப பயப்படறது இதுக்குதான்னு எனக்கு தெரியும், அதனால இங்க கொஞ்சம் அதிகமாவே எழுதறேன். ரிகர்சல்ல நாலாவது வரி மறந்து நின்ன, "ரொம்ப நேரம் நின்னேன், எல்லாரும் பாத்தாங்க"ன்னு அழுத. மிஸ் கிட்ட கேட்டேன், நாலஞ்சு செகண்டுதான் இருக்கும்னாங்க. நிக்கறவங்களுக்கு அது நாலு மணி நேரம் மாதிரி இருக்கும், பாக்கறவங்களுக்கு குழந்தை மூச்சு வாங்குதுன்னுதான் தோணும்.

அப்பா கதை ஒண்ணு சொல்லவா, இத நான் பாட்டி கிட்ட கூட ஒழுங்கா சொன்னதில்ல. மூணாங்கிளாஸ்ல என்னை ஸ்டேஜ் ஏத்தினாங்க. "வணக்கம்"னேன். அப்புறம் ஒண்ணுமே வரல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் "வணக்கம்"னேன். அதுக்கப்புறம் இறங்கி வந்துட்டேன்! ரெண்டு வணக்கம், பேச்சு முடிஞ்சுது. கை தட்டினாங்க, எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. மறுநாள் ஸ்கூலுக்கு போனா என் பிரெண்டுக்கு அது ஞாபகமே இல்ல, அவன் பென்சில் பாக்ஸ் தொலைஞ்ச கவலையில இருந்தான்.

மறக்கறது எல்லாருக்கும் வரும், பெரியவங்களுக்கும்.
மறந்தா நான் நின்னு மூச்சு விடுவேன்.
கடைசியா சொன்ன வரிய திருப்பி சொல்லுவேன். சில சமயம் அடுத்த வரி அதை பிடிச்சுக்கிட்டு வந்துடும்.
வரலைன்னா பக்கத்துல மிஸ்ஸ பாப்பேன், அவங்க கையில என் பேப்பர் இருக்கு.
ஒரு வரி விட்டுட்டு அடுத்ததுக்கு போனாலும் யானைக்கு கோவம் வராது.
நான் என்ன பேசணும்னு இருந்தேன்னு கீழ இருக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது. நான் பேசினது மட்டும்தான் அவங்களுக்கு தெரியும்.
அழுகை வந்தா வரட்டும். அழுதுக்கிட்டே "நன்றி, வணக்கம்" சொல்லலாம்.
யாராவது சிரிச்சா, அது என்னைப் பாத்துதான்னு நான் முடிவு பண்ண மாட்டேன். பக்கத்துல இருக்கறவன் ஏதாவது சொல்லியிருப்பான்.
எப்படி பேசினாலும் நான் அம்மா அப்பாவோட அம்முதான், வீட்டுக்கு அதே வண்டியில அதே சீட்லதான் போவேன்.

இதுல அந்த கடைசி வரிய மட்டும் ரெண்டு தரம் சொல்லலாம், எனக்கும் கேக்க பிடிச்சிருக்கு.

இறங்கி வந்ததுக்கு அப்புறம்

நான் மேல ஏறினேன்.
நான் வாய திறந்தேன்.
என் குரல் மைக்ல கேட்டுச்சு, கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு, ஆனா அது என்னோடதுதான்.
எது நல்லா வந்துச்சு, எது வரலைன்னு இப்பவே யோசிக்க வேணாம். அப்பாவும் கேக்க மாட்டார், பிராமிஸ் பண்ணியிருக்கார்.
பயம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தா, அது தானா கரையும், அட்ரினலின் போக கொஞ்ச நேரம் ஆகும்.
இப்போ எனக்கு தண்ணி வேணும்.
அப்புறம் என்னை தூக்கிக்கணும், ஏழு வயசானாலும்.