காரைக்குடி வீட்டுப் பழுதுபார்ப்பு: வேலைத்திட்டமும் செலவும்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

போன வாரம் வீட்டை முழுக்கப் பார்த்தோம். இரண்டாம் கட்டு முற்றத்தின் வடகிழக்கு மூலையில் ஓடு சரிந்து, தேக்கு உத்திரத்தின் நுனி விரல் வைத்தால் உதிர்கிறது. அதனால் கூரைதான் முதல் வேலை: ஜனவரி முதல் மார்ச் வரை. சுண்ணாம்பையும் அப்போதே நீற்றி ஊறப்போட்டுவிடுவோம். கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்த பூச்சு ஏப்ரல், மே மாதங்களில். அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். அப்புறம் ஜூன், ஜூலையில் ஆத்தங்குடி கல் பதிப்பு, கதவு மெருகு. ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் முடிந்துவிடும்.

கணக்கில் நாங்கள் எடுத்துக்கொண்டவை: தண்ணீரும் மின்சாரமும் உங்களுடையது, முகப்பு அறைகள் காலியாக இருக்கும், கெட்டது அந்த ஒரு உத்திரம் மட்டும். ஓட்டைப் பிரித்தபின் வேறு உத்திரமும் கெட்டிருந்தால், உங்களிடம் காட்டி, தனி விலை பேசித்தான் தொடுவோம்.

பொருளோடு சேர்த்து ரூ.38 லட்சம். பொருளை நீங்களே வாங்கினால் கூலி மட்டும் ரூ.17 லட்சம். பழைய மரம் பார்த்து வாங்க ஆள் இல்லையென்றால் முதலாவதே நல்லது. கூரையை மட்டும் இப்போது செய்வதானால் ரூ.14 லட்சம், பொருளோடு. எதுவானாலும் முன்பணம் 20 சதவீதம். மீதி மாதாமாதம், முடிந்த வேலைக்கு மட்டும்.

இந்த விலை டிசம்பர் 31 வரை செல்லும்.