லொத்தர்க் கூட்டு: மார்ச் முதல் பணம் கட்டும் புதிய ஒழுங்குகள்

ஹரோ, லண்டன்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கையருக்கு,

எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன். கடந்த இரண்டு வாரமாக நம் வட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தை இந்தக் கடிதத்தோடு முடித்துக்கொள்வோம். குரல் பதிவுகளை இரவு பதினொரு மணிக்குக் கேட்டுப் பதில் சொல்லும் வயது எனக்கு இல்லை. சொல்ல வேண்டியதை ஒரே தடவையில் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிட்டு அழையுங்கள்.

நடந்தது என்ன என்பது பத்துப் பேருக்கும் தெரியும். ஆனால் பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்கிறார்கள். ஆகவே கணக்கை மட்டும் எழுதுகிறேன். நாம் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு வரி எண்கள். புதன், சனி என்று வாரத்தில் இரண்டு குலுக்கல். ஒரு வரி 2 பவுண். ஆகவே ஆளுக்கு வாரம் 4 பவுண், மொத்தம் 40. நம்மில் ஒருவர் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஆறு வாரம் கட்டவில்லை. அந்த 24 பவுணை நான் என் கையிலிருந்து போட்டு வழமைபோல் பத்து வரியும் எடுத்தேன். ஆறாவது வாரம் நான்கு எண்கள் பொருந்தி 140 பவுண் விழுந்தது. அது விழுந்தது வேறு எந்த வரியிலும் இல்லை. பணம் கட்டாதவர் தந்த வரியில், அவருடைய பிள்ளைகளின் பிறந்தநாள் எண்களில்!

அதன் பிறகு தொடங்கியதுதான் இத்தனையும். "கட்டாதவனுக்கு என்ன பங்கு?" என்றார் ஒருவர். "என் எண்கள் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு சதமும் வந்திராது" என்றார் அவர். "அவருடைய காசைப் போட்டவர் சிவா அண்ணா, பங்கு சிவா அண்ணாவுக்கே" என்று மூன்றாவது கட்சியும் ஒன்று முளைத்தது. 14 பவுணுக்கு இந்தப் பாடு. அதே வரியில் ஆறு எண்களும் பொருந்தியிருந்தால் நாம் இப்போது சட்டத்தரணிகளின் வாசலில் நின்றிருப்போம்.

என் முடிவு இது. 2019-ல் நாம் கைச்சாத்திட்ட ஒரு பக்கத் தாளில், பணம் பிந்தினால் பங்கு போய்விடும் என்று ஒரு வார்த்தை கூட இல்லை. இல்லாத விதியைப் பரிசு விழுந்த பிறகு எழுதி ஒருவரின் பங்கைப் பறிப்பது முறையல்ல. ஆகவே அவருடைய 14 பவுண் அவருக்கே. அதை 24 பவுண் கடனில் கழித்துக்கொண்டேன். மீதி 10 பவுணை அவர் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார். இந்தக் கணக்கு மூடப்பட்டது. அவர் வேலை மாறி, இரண்டு மாதம் சம்பளம் இழுபறிப்பட்ட நேரம் அது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் குறை நினைத்திருக்க மாட்டார்கள் என்பதை அவரிடமே சொல்லிவிட்டேன். இனி குழுவிலோ கோயிலிலோ இதைக் கிளற வேண்டாம்.

இனி வரப்போவதைப் பற்றிச் சொல்கிறேன். மார்ச் 5, புதன்கிழமைக் குலுக்கலிலிருந்து புதிய ஒழுங்கு நடைமுறைக்கு வருகிறது.

முதலாவது, வாரக் காசு இல்லை. நான்கு வாரத்துக்கு 16 பவுண் முற்பணம். இதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்குத் திறந்திருக்கிறோம். என் பெயரும் கௌரி அக்காவின் பெயரும் அதில் இருக்கின்றன; இருவரும் எந்நேரமும் கணக்கைப் பார்க்கலாம். எல்லோரும் ஸ்டாண்டிங் ஓர்டர் போட்டுவிடுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை, தானாகவே போய்விடும். முதல் தவணை பெப்ரவரி 28. கையில் காசு தருவதை இனி நான் வாங்க மாட்டேன். கடை வாசலில், கார் ஜன்னலுக்குள்ளால், ஒரு தடவை பூங்காவனத் திருவிழாக் கூட்டத்துக்குள்ளும் நாலு பவுண் சில்லறை என் கையில் திணிக்கப்பட்டிருக்கிறது. யார் தந்தது என்று வீட்டுக்கு வந்து யோசிப்பதே ஒரு வேலை.

வெள்ளி தவறினால் செவ்வாய் இரவு 8 மணி வரை பொறுப்பேன். குலுக்கல் நாளில் இரவு 7.30-க்கு விற்பனை மூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வேலை முடிந்து கடைக்குப் போவது ஆறு மணிக்கு. அந்த இடைவெளியில் "அண்ணா, இப்போது அனுப்புகிறேன்" என்று வரும் செய்திகளைப் பார்க்க மாட்டேன். செவ்வாய் இரவு 8 மணிக்குக் கணக்கில் இருக்கும் காசுதான் கணக்கு. 8.05-க்கு வந்தால் அடுத்த வாரப் புதன்கிழமையிலிருந்துதான் சேர்த்துக்கொள்வேன். மிஞ்சிய வாரங்களுக்கு வாரம் 4 பவுண் வீதம் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த தவணையில் கழிப்பேன்.

பணம் கட்டாத வாரத்தில் பங்கு இல்லை. இதில் விதிவிலக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒன்பது பேர் கட்டியிருந்தால் ஒன்பது வரிதான் எடுப்பேன். என்ன விழுந்தாலும் அந்த ஒன்பது பேருக்குள் சமமாகப் பிரிப்போம்.

அப்படியானால் எந்த வரியை விடுவது? கட்டாதவருடைய வரியை விடுவதுதானே நியாயம் என்று பலர் கேட்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. விட்ட வரியில் அன்றைக்கென்று எண்கள் வந்தால் அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் தூங்க மாட்டார்; நாமும் அவர் முகத்தில் விழிக்க முடியாது. அவருடைய வரியை மற்றவர்கள் காசில் எடுத்து அது விழுந்தாலோ, போன மாதச் சண்டை மறுபடியும் வரும். ஆகவே இனி எந்த வரிக்கும் சொந்தக்காரர் இல்லை. எண்கள் மாறாது, உங்கள் அம்மாவின் பிறந்தநாள், வீட்டு இலக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் வரி 1 முதல் வரி 10 வரை சீட்டுக் குலுக்கி ஒழுங்கு வைப்போம். ஒருவர் கட்டாவிட்டால் வரி 10 போகும். இருவர் என்றால் 9-உம் 10-உம். அது யார் தந்த வரியாகவும் இருக்கலாம். எண் தந்தவர் என்பதற்காக யாருக்கும் தனி உரிமை கிடையாது. (இடையில் ஒன்று. எண்கள் 59 வரை இருக்க, நம்முடைய பத்து வரியும் ஏறக்குறைய 31-க்குள்ளேயே நிற்கின்றன. பிறந்தநாள் வைத்து எடுப்பவர்கள் நாம் மட்டுமல்ல. அப்படி ஒரு வரி முழுதாக விழுந்தால் பெரிய பரிசைப் பலரோடு பங்குபோட வேண்டி வரலாம். விருப்பமானவர்கள் மாற்றலாம், வற்புறுத்தவில்லை.)

ஒருவருக்காக இன்னொருவர் கட்டுவது பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். கணவனுக்கு மனைவி, தம்பிக்கு அண்ணன் என்று நம்மிடையே இது வழக்கம். 1999-ல் இங்கே ஒரு லொத்தர்க் குழு வழக்கு நீதிமன்றம் போனது. கணவனும் மனைவியும் ஒரே குழுவில் இருந்தார்கள். பிரிந்த பிறகும் மனைவி தன் பங்கோடு கணவனுடைய பங்குக்கும் வாரம் ஒரு பவுண் கட்டி வந்தார். குழுவுக்குப் பெரும் பரிசு விழுந்தது. கணவனோ வங்குரோத்தானவர், அவருடைய பெயரிலிருந்த பங்கை அவர் கடன்காரர்களுக்காகக் கேட்டார்கள். காசு மனைவியுடையது என்பதால் அந்தப் பங்கும் மனைவிக்கே என்று தீர்ப்பானது. பெயர் யாருடையது என்பதைவிட, காசு யாருடையது, என்ன எண்ணத்தில் கொடுத்தார் என்பதே அங்கே பார்க்கப்பட்டது. நம்முடைய ஆறு வாரக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் அந்தப் பங்கைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் இன்னொருவர் கேட்கக்கூடும்.

ஆகவே நானோ கௌரி அக்காவோ இனி யாருக்காகவும் கைக்காசு போட மாட்டோம். வேறு யாராவது கட்ட விரும்பினால் செவ்வாய் 8 மணிக்கு முன் குழுவில் எழுதுங்கள்: "இந்த வாரம் இன்னாருக்காகக் கட்டுகிறேன், இது கடன், பங்கு அவருடையது." அவரும் "சரி" என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் வந்த காசைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தொடர்ந்து இரண்டு தவணை, அதாவது எட்டு வாரம், கட்டாதவர் குழுவிலிருந்து விலகியவராகக் கருதப்படுவார். மறுபடி சேர மற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கஷ்டம் என்றால் எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள். காரணம் கேட்க மாட்டேன். ஒதுங்கி நிற்கும் தவணைகள் இந்த எட்டு வாரத்தில் சேராது; பங்கும் இராது, கடனும் இராது. நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஓகஸ்டில் ஊருக்குப் போகிறவர்கள் போக முன்னரே கட்டிவிட்டுப் போங்கள். யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு "இங்கே வங்கிச் செயலி வேலை செய்யவில்லை" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மகனுடைய பெயரில் ஒரு பங்கு கேட்டவருக்கு: அவனுக்குப் பதினெட்டு ஆகட்டும்.

ஒவ்வொரு புதனும் சனியும் டிக்கெட்டுகளின் படத்தையும் அந்த வாரம் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியலையும் குலுக்கலுக்கு முன் குழுவில் போடுவேன். உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் உடனே சொல்லுங்கள். குலுக்கல் முடிந்த பிறகு சொன்னால் எடுபடாது. 100 பவுணுக்குக் குறைந்த பரிசுகள் கணக்கிலேயே இருக்கும். யாருடைய பங்கு எவ்வளவு என்று கௌரி அக்கா எழுதி வைப்பார், வருடக் கடைசியில் பிரிப்போம்.

இவையெல்லாம் இரண்டு பக்க ஒப்பந்தமாகத் தயாராகிவிட்டன. "நமக்குள் எதற்குத் தாள்?" என்று ஒரு அண்ணா கேட்டார். நமக்குள் இருப்பதால்தான் போன மாதம் 14 பவுணோடு போனது, அண்ணா. வேறொரு காரணமும் உண்டு. லொத்தர்ப் பரிசுக்கு இந்த நாட்டில் அரசாங்க வரி இல்லை. ஆனால் டிக்கெட் என் கையில் இருந்து, பரிசை நான் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தந்தால், அது என்னுடைய காசை நான் அன்பளிப்பாகத் தந்தது போல் பார்க்கப்படலாம். ஏழு வருடத்துக்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசு வரிக்காரர்கள் அதைத் தோண்டுவார்கள். 325,000 பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்கு அந்த வரி நாற்பது வீதம். குலுக்கலுக்கு முன்பே எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அது முதலிலிருந்தே பத்துப் பேருடைய காசு என்று காட்டலாம். நாலரைக் கோடியில் ஒரு வாய்ப்புக்கு இவ்வளவு முன்யோசனையா என்று என் மனைவியும் சிரித்தார். சிரிக்கட்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு மாலை 4 மணிக்கு எங்கள் வீட்டில் கைச்சாத்து. வரி ஒழுங்குக்கான சீட்டுக் குலுக்கலும் அன்றைக்கே, எல்லோர் முன்னிலையிலும். வர முடியாதவர்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன்; 26-ஆம் திகதிக்கு முன் என் கைக்குத் திரும்ப வர வேண்டும். கைச்சாத்திடாதவரின் ஸ்டாண்டிங் ஓர்டர் வந்தாலும் காசைத் திருப்பிவிடுவேன். அதுவரை பழையபடி வாரம் 4 பவுண்தான், ஆனால் அதையும் வங்கியில் போடுங்கள். கணக்கு இலக்கத்தை கௌரி அக்கா இன்று இரவு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவார்.

ஞாயிறு வருகிறவர்கள் காரை எங்கள் வீதியில் விட வேண்டாம். போன தடவை இரண்டு பேர் தண்டம் கட்டினார்கள், அது பரிசுக் காசைவிட அதிகம்.

அன்புடன்,
சிவகுமார்