எந்தச் சத்து குறைகிறது? பயிற்சி வினாக்களும் விடை விளக்கமும்

கடலூர் செவிலியர் பயிற்சி மாணவிகளுக்கு: ஊட்டச்சத்துப் பாடம், மாதிரித் தேர்வு
நேரம்: 45 நிமிடம். மதிப்பெண்: 30

எழுதத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை. வெளிறிய கண், எரியும் நாக்கு, மரத்த கால் என்று எதை எடுத்தாலும் நாலைந்து சத்துகள் ‘நான்தான்’ என்று கை தூக்கும். முதல் அறிகுறியைப் படித்த உடனே விடையை வட்டமிட்டுவிட்டால், பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போகும். நோயாளி யார், என்ன சாப்பிடுகிறார், என்ன மருந்து எடுக்கிறார், கூடவே வேறு என்ன தெரிகிறது என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

வினாக்கள்

1. தேவனாம்பட்டினத்தில் நாலு வயதுப் பையன். பொழுது சாய்ந்தால் வாசற்படியில் தடுக்கி விழுகிறான். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். பகலில் நன்றாக ஓடி விளையாடுகிறான். போன மாதம் தட்டம்மை வந்து போயிருக்கிறது. கண்ணின் வெள்ளை விழியில், கருவிழிக்கு வெளிப்பக்கமாக, சோப்பு நுரை காய்ந்தது போல ஒரு புள்ளி.
(அ) எந்தச் சத்து? (ஆ) அந்தப் புள்ளியின் பெயர் என்ன? (இ) ‘அடுத்த சொட்டு மருந்து நாள் வரட்டும்’ என்று சொல்லி அனுப்பலாமா? (4)

2. வடலூரைச் சேர்ந்த 58 வயது அம்மா. வள்ளலார் வழியில் வந்த குடும்பம். மீன், முட்டை, கறி எதுவும் வீட்டுக்குள் வந்ததில்லை. பாலும் ஒத்துக்கொள்ளாது என்று விட்டுவிட்டார். சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். “பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு சிஸ்டர், கண்ணை மூடிக்கிட்டு முகம் கழுவுனா சாஞ்சிடுறேன்” என்கிறார். நாக்கு வழவழவென்று சிவந்திருக்கிறது. விரல் முட்டிகள் கறுத்திருக்கின்றன. ஹீமோகுளோபின் 8.4, எம்.சி.வி. 116. யாரோ சொன்னதைக் கேட்டு ரெண்டு மாதம் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்டதில் சோர்வு கொஞ்சம் குறைந்தது. கால் மரமரப்பு மட்டும் கூடிவிட்டது.
(அ) குறைவது: இரும்பு / ஃபோலிக் அமிலம் / பி12 / தயாமின். (ஆ) சோர்வு குறைந்தும் மரமரப்பு கூடியது ஏன்? (இ) கால் மரத்ததற்குச் சர்க்கரை நோய்தான் காரணம் என்று ஒருவர் வாதிட்டால் எதைக் காட்டி மறுப்பீர்கள்? (6)

3. பாகூர் பக்கத்திலிருந்து 45 வயது ஆண். பல வருடக் குடி, கடந்த சில வாரமாகச் சாப்பாடே இல்லை, ஓயாத வாந்தி. தள்ளாடுகிறார், கண்கள் நேராக நிற்காமல் ஆடுகின்றன, நாள் கிழமை தெரியவில்லை. இரத்தச் சர்க்கரை 90. ‘உடம்பு வாடிப்போயிருக்கு’ என்று குளுக்கோஸ் பாட்டில் போடத் தயாராகிறார்கள். அதற்கு முன் எதைக் கொடுக்க வேண்டும்? ஏன்? (4)

4. கடைவாய்ப் புண்ணோடு மூன்று பேர் வருகிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே மாத்திரையா, வேறு வேறா? ஒவ்வொருவருக்கும் எந்தச் சத்து என்று காரணத்தோடு எழுதுக. (7)

முதலாமவர்: நெல்லிக்குப்பம் பள்ளி மாணவி. உதடு வெடிப்பு, மூக்கோரம் எண்ணெய்ப் பிசுக்கோடு செதில், வெயிலில் கண் கூசுகிறது. நாக்கு கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருக்கிறது. பாலும் முட்டையும் பிடிக்காது.

இரண்டாமவர்: முதுநகரில் ஐந்து மாதக் கர்ப்பிணி. நகம் கரண்டி போலக் குழிந்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒளித்து வைத்துப் பச்சரிசி தின்பதாக மாமியார் சொல்கிறார். எம்.சி.வி. 68.

மூன்றாமவர்: விருத்தாசலம் பக்கம் முந்திரிக்காட்டுக் காவலாளி. தினமும் குடி. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலவும் புறங்கையிலும் தோல் கறுத்து உரிகிறது. சட்டை மறைக்கும் இடத்தில் தோல் சுத்தமாக இருக்கிறது. பத்து நாளாக வயிற்றுப்போக்கு. பேச்சில் குழப்பம்.

5. வீட்டிலேயே பிறந்த மூன்று நாள் குழந்தை. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறது. தொப்புளிலிருந்து இரத்தம் கசிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. எந்த வைட்டமின்? பிறந்தவுடன் எது நடந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்? (2)

6. சரியா தவறா, காரணம் கூறு: “நாங்க கடலோரத்துல இருக்கோம், மரக்காணம் கல்லுப்புதான் போடுறோம். எங்களுக்கு அயோடின் குறையாது.” (3)

7. பொருத்துக. (4)
(அ) பச்சை முட்டை வெள்ளைக்கருவை நெடுநாள் நிறையச் சாப்பிட்டவருக்கு முடி உதிர்தல், தோல் செதில்
(ஆ) காசநோய் மாத்திரை தொடங்கியபின் பாதத்தில் எரிச்சல், ஊசி குத்தல்
(இ) ஈறு வீங்கி இரத்தம், ஆறாத புண், மயிர்க்கால் ஓரம் சிவப்புப் புள்ளிகள்
(ஈ) கைக்குழந்தைக்கு வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் புண், முடி உதிர்தல், விடாத வயிற்றுப்போக்கு

துத்தநாகம் / பயோட்டின் / வைட்டமின் சி / பி6

விடைகளும் விளக்கமும்

1. வைட்டமின் ஏ. புள்ளியின் பெயர் பிட்டாட் புள்ளி. அனுப்பவே கூடாது. இருட்டில் பார்க்க விழித்திரைக்கு வேண்டிய நிறமி வைட்டமின் ஏயிலிருந்து உருவாவதால் முதலில் கெடுவது மாலைப் பார்வை. அடுத்து வெள்ளை விழி காய்கிறது. அதற்கடுத்து கருவிழியே கரைந்துவிடலாம். அது நடந்தால் பார்வை திரும்பாது. இருக்கிற கையிருப்பையும் தட்டம்மை உறிஞ்சிவிடும் என்பதால் இந்தப் பையன் இரட்டை ஆபத்தில் இருக்கிறான். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இன்றே 2 லட்சம் அலகு, நாளை 2 லட்சம், பிறகு 2 முதல் 4 வாரத்துக்குள் இன்னொரு 2 லட்சம். இது சிகிச்சை. ஒன்பதாம் மாதம் 1 லட்சம், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் என்று ஐந்து வயது வரை கொடுப்பது தடுப்பு. இந்த இரண்டையும் குழப்பி எழுதினால் மதிப்பெண் கிடையாது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் சாப்பிடச் சொல்லுங்கள். ஆனால் கண்ணில் புள்ளி வந்த பிறகு கீரையை மட்டும் நம்பிக் காத்திருக்க நேரம் இல்லை.

2. பி12. இந்தத் தாளிலேயே முக்கியமான கேள்வி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

எம்.சி.வி. 116 என்றால் சிவப்பணு பெருத்திருக்கிறது. இரும்புக் குறைவில் அது சிறுத்திருக்கும், அதனால் இரும்பு போய்விட்டது. பெருத்த அணுவுக்கு ஃபோலிக் அமிலமும் காரணமாகலாம், பி12உம் காரணமாகலாம். இரண்டையும் பிரிப்பது நரம்பு. தண்டுவடத்தின் பின்பகுதி நரம்புகளின் உறை பி12 இல்லாமல் கெடுகிறது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகாது. கண் திறந்திருக்கும்வரை பார்வையை வைத்துச் சமாளிப்பார்; கண்ணை மூடினால் சாய்வார். முகம் கழுவும்போது சாய்வதாக அவரே சொல்லிவிட்டாரே.

ஃபோலிக் அமிலம் இரத்த அணு உற்பத்தியை ஓரளவு சரிசெய்து சோர்வைக் குறைத்துவிடும். நரம்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரத்தம் தேறுவதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருக்க, உள்ளே தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும். பி12 அளவைப் பார்க்காமல் பெருத்த அணுச் சோகைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

(இ) சர்க்கரை நோயிலும் கால் மரக்கும், உண்மைதான். ஆனால் சர்க்கரை நோய் சிவப்பணுவைப் பெருக்க வைக்காது, நாக்கை வழவழப்பாக்காது, விரல் முட்டியைக் கறுக்க வைக்காது. போதாததற்கு மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. ஈரலில் பி12 சில வருடத்துக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். அதனால் குறைவு சத்தமில்லாமல் மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

இன்னொன்று. செடியில் கிடைக்கும் உணவு எதுவும் பி12க்கு நம்பகமான மூலம் இல்லை. அந்த அம்மாவிடம் ‘மீன் சாப்பிடுங்க’ என்று சொல்வது அவருடைய கொள்கையை அவமதிப்பது. மருத்துவமாகவும் அது தேவையில்லை. நரம்பு பாதித்திருப்பதால் ஊசி வேண்டும், அதை மருத்துவர் முடிவு செய்வார். பிறகு மாத்திரையாகத் தொடரலாம்.

3. தயாமின், அதாவது பி1, சிரை வழியாக. குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயாமின் வேண்டும். ஏற்கெனவே காலியாக இருக்கும் மூளைக்குக் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் துளியும் செலவாகி நிலைமை மோசமாகும். தள்ளாட்டம், கண் ஆட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்தால் வெர்னிக்கே நோய். தவறவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்திருந்தால் மட்டும் குளுக்கோஸைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டும் உடனே. இவருக்கு 90 இருக்கிறது, அவசரம் இல்லை. ‘குடிகாரர், போதையில் உளறுகிறார்’ என்று ஓரமாகப் படுக்க வைத்துவிடுவதுதான் இந்த நோய் தப்பிப்போகும் வழி. தயவுசெய்து கண்ணைப் பாருங்கள்.

அரிசி உண்ணும் ஊருக்கு பி1 பழைய கதை. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகளின் கால் முடங்கியதை 1890களில் ஜாவாவில் ஐக்மான் கவனித்தார். தவிட்டோடு கொடுத்தால் தேறின. நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்குகிறது. புழுங்கல் சாப்பிட்டவர்களிடம் பெரிபெரி குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

4. வேறு வேறு.

மாணவிக்கு ரிபோஃப்ளேவின், பி2. நாக்கின் நிறமும் மூக்கோரச் செதிலும் கண்கூச்சமும் சேர்ந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். ‘பி காம்ப்ளெக்ஸ்’ என்று மட்டும் எழுதினால் அரை மதிப்பெண்தான்.

கர்ப்பிணிக்கு இரும்பு. குழிந்த நகமும் 68 என்ற எம்.சி.வி.யும் சொல்லிவிடுகின்றன. பச்சரிசி, சாம்பல், மண் தின்னும் ஆசையை ‘மசக்கை’ என்று சிரித்துக் கடந்துவிடாதீர்கள். அதைக் கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் மாமியார் இல்லாதபோது. சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. தினம் ஒன்று என்பது தடுப்பு அளவு. சோகை உறுதியானால் அளவு கூடும். டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

காவலாளிக்கு நியாசின், பி3. பெல்லாக்ரா. தோல், வயிறு, மூளை என்று மூன்றும் சேர்ந்திருக்கின்றன. வெயில் படும் இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கோடு போட்டது போல நிற்கும் புண் என்பதுதான் அடையாளம். கழுத்து மாலைக்குக் காசால் மாலை என்று பெயர். ‘வெயில்ல நின்னா கறுக்கத்தானே செய்யும்’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

5. வைட்டமின் கே. பிறந்தவுடன் தொடையில் போடும் 1 மி.கி. ஊசி. தாய்ப்பாலில் கே மிகக் குறைவு, குடலில் அதைத் தயாரிக்கும் கிருமிகளும் இன்னும் குடியேறவில்லை. தாய்மீது பழி போடும் பேச்சுக்கே இடமில்லை. தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது.

6. தவறு. கடல் மீனில் அயோடின் உண்டு. ஆனால் உப்பளத்தில் காய்ச்சி எடுக்கும் சாதா கல்லுப்பில் அது பெயருக்குத்தான் இருக்கும். அயோடின் சேர்க்கப்பட்ட உப்பு வேண்டும். வீட்டுக்கு வரும்போது அதில் அயோடின் 15 பி.பி.எம்.முக்குக் குறையக் கூடாது. கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரியும். கர்ப்பத்தில் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அது வெளியே தெரிய வருடங்கள் ஆகும்.

7. அ – பயோட்டின் (வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் அதைப் பிடித்துக்கொள்ளும், வேகவைத்தால் பிரச்சினை இல்லை). ஆ – பி6 (ஐசோனியசிட் காரணம். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், பைரிடாக்சின் சேர்த்தால் போதும்). இ – வைட்டமின் சி. ஈ – துத்தநாகம்.

‘இ’க்கு வைட்டமின் கே என்று எழுதத் தோன்றும், இரத்தம் என்ற சொல் இருப்பதால். கே குறைந்தால் இரத்தம் உறைவது கெடுகிறது, ஈறு வீங்காது. சி குறைந்தால் இரத்தக் குழாயின் சுவரே பலவீனமாகிறது, அதனால்தான் ஈறும் மயிர்க்காலும் புண்ணும் சேர்ந்து வருகின்றன. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் கப்பலில் பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். நம் ஊரில் கொய்யாவும் நெல்லிக்காயும் அதைவிட மலிவு.