குளம் தூர்வாரும் திட்டம்: காணாமல் போன ஸ்லைடில் இருந்த கால அட்டவணை

கொழிஞ்சாம்பாறைக் குளக்கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அனுப்பிய கோப்பில் ஏழாவது ஸ்லைடு வெறும் வெள்ளையாகத்தான் வருகிறது. அதிலிருந்த கான்ட் சார்ட்டை, அதாவது எந்த வேலை எந்த வாரங்களில் நடக்கும் என்று பட்டைகளாகக் காட்டும் படத்தை, சொல்லிவிடுகிறேன். தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே வரைந்துகொள்ளலாம்.

மேலே இடமிருந்து வலமாக 21 வாரங்கள். முதல் வாரம் 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை தொடங்குகிறது. 21ஆம் வாரம் மே 31 அன்று முடிகிறது. அடுத்த நாள் ஜூன் 1, இடவப்பாதி மழை வழக்கமாகத் தொடங்கும் சமயம். அங்கே சிவப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடும். அதற்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் போகக்கூடாது.

இடது ஓரத்தில் ஏழு வேலைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் நேரே, அது நடக்கும் வாரங்களில் ஒரு பட்டை. அளவெடுப்பு 1ஆம் வாரம் தொடங்கி 2 வாரம். பஞ்சாயத்து அனுமதி 2ஆம் வாரம் தொடங்கி 4 வாரம். அளவெடுப்பின் கடைசி வாரத்தோடு சேர்ந்தே ஓடும். அனுமதி கைக்கு வந்தபிறகு, 6ஆம் வாரம் தண்ணீர் இறைக்க ஆரம்பம், 2 வாரம்.

நான்காவது பட்டைதான் பெரிய வேலை: தூர்வாருதல். 8ஆம் வாரம், அதாவது பிப்ரவரி 23 தொடங்கி 6 வாரம். ஐந்தாவது பட்டை கரைக்குக் கல் பதிப்பது, 10ஆம் வாரம் தொடங்கி 7 வாரம். ஆக 10 முதல் 13 வரை இரண்டு பட்டைகளும் மேலும் கீழுமாக ஒன்றாக நிற்கும். ஜேசிபி மேற்கிலிருந்து கிழக்கே தோண்டிக்கொண்டு போகும்; வண்டல் ஏற்றிய டிப்பர்கள் கிழக்குக் கரையில் ஏறித் தென்னந்தோப்புகளுக்குப் போகும். அந்த நேரத்தில் மேற்குக் கரை காலியாக இருப்பதால் கொத்தனார்கள் அங்கே தொடங்கலாம். கிழக்குக் கரையை 14ஆம் வாரத்துக்கு முன்னால் யாரும் தொடவேண்டாம். டிப்பர் ஓடினால் பதித்த கல் நிற்காது. கல் வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக வருவதால், 9ஆம் வாரத்துக்குள் பாஸ் தயாராக இருக்கவேண்டும்.

ஆறாவது, மதகும் வரத்து வாய்க்காலும்: 14ஆம் வாரம் தொடங்கி 3 வாரம். இதிலும் கல் பதிப்பிலும் 15ஆம் வாரம் மட்டும் கோடு போட்டுக் காட்டியிருக்கும். சித்திரை ஒன்றும் விஷுவும் அந்த வாரம்தான், ஆள் வரமாட்டார்கள். கடைசி, படித்துறை: 17ஆம் வாரம் தொடங்கி 2 வாரம், மே 10 அன்று முடியும்.

அப்புறம் 19, 20, 21 காலியாக இருக்கும். நம்மிடம் இருக்கும் கையிருப்பு இந்த மூன்று வாரமே. அனுமதி ஒரு வாரம் தள்ளினால் இறைப்பு, தூர், மதகு, படித்துறை எல்லாமே ஒரு வாரம் தள்ளும், கையிருப்பு இரண்டாகிவிடும். அதனால் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகும் இரண்டு பேர் யாரென்று வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவுசெய்து சொல்லுங்கள்.