ஆய்வக வேதிப்பொருள் சிந்தல் அறிக்கை: அடர் கந்தக அமிலம்

பெறுநர்: கல்லூரி முதல்வர், துறைத்தலைவர் வழியாக
அனுப்புநர்: கனிம வேதியியல் ஆய்வகப் பொறுப்பு உதவிப் பேராசிரியர்
நிகழ்ந்த நாளும் நேரமும்: 12.09.2024, வியாழக்கிழமை, முற்பகல் 10.40
இடம்: கனிம வேதியியல் ஆய்வகம், தரைத்தளம், மூன்றாம் வரிசை மேடையின் சன்னல் பக்க முனை

நிகழ்வு

இரண்டாமாண்டு இளநிலை மாணவர்கள் 22 பேர் உப்புப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தனர். நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனைக்கு அமிலம் தீர்ந்துவிட்டதால், ஆய்வக உதவியாளர் 2.5 லிட்டர் கண்ணாடிப் புட்டியைக் கிடங்கிலிருந்து கையில் தூக்கிவந்து, மேடையில் வைத்து, இரண்டு சிறு புட்டிகளில் 250 மி.லி. வீதம் ஊற்றினார். மூடியைத் திருகி மீண்டும் தூக்கும்போது, புட்டியின் வெளிப்புறம் அமிலம் வழிந்து வழுக்கலாக இருந்ததால் கைப்பிடியிலிருந்து நழுவி, கடப்பைக் கல்லின் விளிம்பில் மோதி, அடிப்பாகம் உடைந்தது. நான் அப்போது அடுத்த அறையில் தராசருகே இருந்தேன். சத்தம் கேட்டு ஒரு நிமிடத்திற்குள் வந்துவிட்டேன்.

பொருளும் அளவும்

சிந்தியது 98 விழுக்காடு அடர் கந்தக அமிலம் (H₂SO₄, CAS எண் 7664-93-9), அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 1.84 கிலோ. இருப்புப் பதிவேட்டின்படி இந்தப் புட்டியிலிருந்து முன்பு 1,400 மி.லி. எடுக்கப்பட்டிருந்தது, அன்று 500 மி.லி. எடுத்தபின் எஞ்சியிருந்த சுமார் 600 மி.லி., அதாவது ஏறக்குறைய 1.1 கிலோ, முழுவதும் வெளியேறியது. கால்பங்குபோல் மேடையில் தேங்கியது. மீதி மொசைக் தரையில் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் பரவி, வடிகால் துளைக்கு இரண்டடி முன்பே நின்றது. அந்தத் துளைக்குள் அமிலம் இறங்கவில்லை என்பதைப் பின்னர் பிஎச் தாள் வைத்து உறுதிசெய்தோம்.

அடர் கந்தக அமிலம் அறை வெப்பநிலையில் எளிதில் ஆவியாவதில்லை என்பதால் நச்சாவி பெருமளவில் எழவில்லை. எனினும், நான் வருவதற்குள் ஒரு மாணவர் பருத்தித் துடைப்பத்தை அமிலத்தில் வைத்துவிட்டார். அதன் நூல்கள் கண்ணெதிரே முதலில் பழுப்பாகவும் பின்னர் கரியாகவும் மாறி, காரமான நெடி கிளம்பியது. உடனே துடைப்பத்தை அப்படியே விடச் சொல்லி, மாணவர்களை வெளியேற்றி, புன்சன் அடுப்புகளின் வாயுவை மூடி, வெளியேற்று விசிறிகளை இயக்கினோம்.

பாதிக்கப்பட்டவர்கள்

ஆய்வக உதவியாளரின் இடது பாதத்தின் மேற்புறத்திலும் வலது முன்கையிலும் அமிலம் பட்டது. அவர் திறந்த செருப்பு அணிந்திருந்தார். செருப்புப் பட்டைக்கு அடியில் தங்கிய அமிலமே பாதத்தில் ஆழமான காயத்தை உண்டாக்கியது. அருகில் நின்ற மாணவி ஒருவரின் இடது புறங்கையில் மூன்று துளிகள் தெறித்தன. அவரது துப்பட்டாவில் மிளகு அளவு ஓட்டைகள் விழுந்தன. அவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு துளி இருந்தது, கண்ணில் எதுவும் படவில்லை. வேறு எவருக்கும் பாதிப்பு இல்லை.

முதலுதவி

இந்தப் பகுதியை முதல்வர் அவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். உதவியாளரின் காலில் தண்ணீர் ஊற்ற ஒரு மாணவர் குவளையுடன் ஓடிவந்தபோது, மற்றொருவர் “அமிலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது” என்று தடுத்திருக்கிறார். அந்தத் தயக்கத்தில் அரை நிமிடத்திற்கும் மேல் வீணானது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தை நீரில்தான் சேர்க்க வேண்டும் என்று முதல் வகுப்பிலிருந்து நாங்கள் சொல்லிக்கொடுப்பது சரியே. ஆனால் உடம்பில் பட்ட அமிலத்திற்கு அந்த விதி பொருந்தாது என்பதை அதே வகுப்பில், அதே அழுத்தத்துடன் நாங்கள் சொல்லவில்லை. தோலில் பட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஏராளமான நீர் ஓட வேண்டும். எழும் வெப்பத்தையும் அந்த நீரோட்டமே அடித்துச் செல்லும்.

நான் வந்ததும் உதவியாளரை ஸ்டூலில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றி, நனைந்த கால்சட்டையின் கீழ்ப்பகுதியைக் கத்தரியால் வெட்டி நீக்கி, குழாயில் ரப்பர் குழல் மாட்டி 10.42 முதல் 11.04 வரை இடைவிடாமல் நீர் பாய்ச்சினோம். அவசர ஷவரின் வால்வு இறுகிப்போய்த் திறக்காததால் இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. மாணவியின் கையைத் தொட்டிக் குழாயின் கீழ் 20 நிமிடம் கழுவினோம். தோலின்மீது சோடியம் பைகார்பனேட்டையோ களிம்பையோ பூசவில்லை. பிறகு காயத்தைச் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, இருவரையும் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளுடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். உதவியாளரின் பாதத்தில் ஏறத்தாழ 4 செ.மீ. நீள இரண்டாம் நிலைத் தீப்புண் என்றும், முன்கையிலும் மாணவியின் கையிலும் மேலோட்டமான காயங்கள் என்றும் மருத்துவர் பதிவு செய்துள்ளார். இருவரும் அன்று மாலையே வீடு திரும்பினர். உதவியாளருக்கு ஏழு நாள் ஓய்வு அறிவுறுத்தப்பட்டுள்ளது.

சுத்தம் செய்த முறை

தடித்த நியோப்ரீன் கையுறை, முகத்தடுப்பு, ரப்பர் மேலங்கி, பூட்ஸ் ஆகியவற்றுடன் நானும் சக ஆசிரியர் ஒருவரும் 11.10-க்குத் தொடங்கினோம். தரையில் நீர் ஊற்றவில்லை. அடர் அமிலக் குட்டையில் நீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். முதலில் வடிகால் துளையைச் சுற்றி உலர்ந்த மணலால் வரம்பு கட்டினோம். பின்னர் குட்டையின் விளிம்பிலிருந்து நடுநோக்கி இரண்டு வாளி மணலைப் போட்டு அமிலத்தை உறிஞ்சவைத்தோம். மரத்தூள் பக்கத்து அறையில் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. துடைப்பத்திற்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

அதன்பின் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகத் தூவினோம்.

H₂SO₄ + 2NaHCO₃ → Na₂SO₄ + 2H₂O + 2CO₂

600 மி.லி. அமிலம் ஏறத்தாழ 11 மோல். அதை முழுவதும் நடுநிலையாக்கச் சுமார் 1.85 கிலோ பைகார்பனேட் தேவை. ஆய்வகத்தில் இருந்ததோ 500 கிராம் டப்பாக்கள் இரண்டு மட்டுமே. எஞ்சியதற்குக் கிடங்கிலிருந்து சோடியம் கார்பனேட் 800 கிராம் கொண்டுவந்து பயன்படுத்தினோம். முழுப் புட்டியும் உடைந்திருந்தால் 7.5 கிலோவுக்கும் மேல் தேவைப்பட்டிருக்கும் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

நுரை அடங்கியபின் கலவையைப் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி, கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் தனியே எடுத்தோம். கரிந்த துடைப்பத்தையும் கலவையோடு சேர்த்து மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகளில் அடைத்து, பொருள், நாள், எடை எழுதி ஒட்டினோம். வாயு சேராமலிருக்க முதல் நாள் மூடியைத் தளர்வாக விட்டோம். தரையையும் மேடையையும் நீரால் மும்முறை கழுவி, ஐந்து இடங்களில் பிஎச் தாளால் பார்த்தபோது 7 காட்டியது. 12.50-க்குப் பணி முடிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற கழிவு முகவர் வாளிகளை எடுத்துச் செல்லும்வரை அவை பூட்டிய கிடங்கில் இருக்கும்.

காரணமும் கோரிக்கைகளும்

கனமான புட்டியைத் தாங்குவாளி இல்லாமல் கையில் தூக்கியதும், திறந்த செருப்பை அனுமதித்ததும் ஆய்வகப் பொறுப்பாளராகிய எனது மேற்பார்வைக் குறை. உதவியாளர் பல ஆண்டுகளாக இப்படித்தான் தூக்கிவந்தார். அதை நான் கண்டும் மாற்றவில்லை. எனவே தவறை அவர்மேல் சுமத்தி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவசர ஷவர் வால்வை உடனே மாற்றித் தரவும், 10 கிலோ பைகார்பனேட்டும் இரண்டு ரப்பர் தாங்குவாளிகளும் மூடிய காலணி இரண்டு சோடியும் வாங்க ஒப்புதல் அளிக்கவும் வேண்டுகிறேன். இனி அடர் அமிலங்களை 500 மி.லி. புட்டிகளில் மட்டுமே வாங்க முன்மொழிகிறேன். ஷவர் இயங்குவதை நானே திறந்து பார்க்கும்வரை இந்த ஆய்வகத்தில் அமில வகுப்புகள் நடத்தப்படமாட்டா.